“நாம சேர்ந்து பன்றி மேய்ச்சோமா?” - ஃப்ரெஞ்சு, ஜெர்மனில் ‘நீ’, ‘நீங்க’ மாறினால் என்ன அர்த்தம்?

2018 ஜூன் 18. பாரிஸை ஒட்டிய மோன் வலேரியன் குன்றில் ஓர் அரசு விழா. ஃப்ரெஞ்சு அதிபர் எமானுவேல் மக்ரோன் கூட்டத்தில் நின்றவர்களுக்குக் கை கொடுத்தபடி வருகிறார். அப்போது ஒரு பள்ளிச் சிறுவன், “சா வா, மனு?” என்கிறான். ‘என்ன மனு, எப்படிப் போகுது?’ என்று வைத்துக்கொள்ளலாம். மனு என்பது எமானுவேல் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்.

மக்ரோன் நின்றுவிட்டார். “இல்ல, அப்படிக் கிடையாது. நீ அரசு விழாவுக்கு வந்திருக்க, ஒழுங்கா நடந்துக்கணும். என்னை ‘மிஸ்டர் பிரசிடெண்ட்’னு கூப்பிடு, இல்லைன்னா ‘சார்’னு கூப்பிடு” என்ற ரீதியில் பாடம் எடுத்தார். பையன் “சரிங்க சார்” என்றான். வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது.

அந்த வீடியோவில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மரியாதை கேட்ட மக்ரோன், பையனிடம் பேசிய ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘நீ’ என்றே பேசினார். நம் ஊரில் இதில் ஆச்சரியமே இல்லை. தலைமையாசிரியர் மாணவனை ‘நீ’ என்பார், மாணவன் ‘நீங்க சார்’ என்பான், அவ்வளவுதான். ஃப்ரான்ஸிலும் எதிரில் நின்றது சிறுவன் என்பதால் அது கடந்துபோனது. அங்கே நின்றவருக்கு 25 வயது இருந்திருந்தால், மறுநாள் தலைப்புச் செய்தி வேறு மாதிரி இருந்திருக்கும். வளர்ந்த ஒருவரை, முன்பின் தெரியாத ஒருவரை, அதிபரே ஆனாலும் ‘நீ’ என்று சொல்ல முடியாது.

ஃப்ரெஞ்சோ ஜெர்மனோ படிக்கும் தமிழர்கள் பலரும் முதலில் சறுக்கும் இடம் இதுதான்.

நம்மகிட்டயும்தான் இருக்கே, அப்புறம் என்ன?

முதலில் சொற்கள். ஃப்ரெஞ்சில் ‘நீ’ என்பது ‘த்யு’, ‘நீங்கள்’ என்பது ‘வூ’. (அந்த ‘த்யு’வைத் தமிழில் சரியாக எழுதவே முடியாது. உதட்டை ‘ஊ’ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும்.) ஜெர்மனில் ‘நீ’ என்பது ‘டூ’, ‘நீங்கள்’ என்பது ‘ஸீ’.

ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். அதனால் ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் இதைப் படிக்கும்போது தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ‘நீ’, ‘நீங்க’ பிறந்ததிலிருந்து பழக்கம். பன்மைச் சொல்லை ஒருவருக்கு மரியாதையாகச் சொல்வதும் நமக்குத் தெரியும். ‘வூ’ அப்படித்தான்: பலரைச் சொல்லும் சொல், ஒருவருக்கு மரியாதை. ஜெர்மன் ‘ஸீ’ இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. அது உண்மையில் ‘அவர்கள்’ என்ற சொல். எதிரில் இருப்பவரிடமே ‘அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?’ என்று கேட்பது மாதிரி.

ஆனால் இந்தப் பழக்கமே நம்மைக் கவிழ்த்தும் விடுகிறது. ஏனென்றால் சொற்கள் ஒத்துப்போகின்றன, கணக்கு ஒத்துப்போவதில்லை.

நம் கணக்கு பெரும்பாலும் வயது, உறவு, பதவி. மேலே இருப்பவர் கீழே ‘நீ’ என்கிறார், கீழே இருப்பவர் மேலே ‘நீங்க’ என்கிறார். இருபது வருஷம் ஆனாலும் இது மாறாது, மாற வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அம்மாவை ‘நீ’ என்போம், அப்பாவை ‘நீங்க’ என்போம், சாமியை ‘நீ’ என்போம்.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். எஜமான் வேலைக்காரனை ‘நீ’ என்பார், வேலைக்காரன் ‘நீங்கள்’ என்பான். இதை ஆராய்ந்து ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் 1960-ல் எழுதிய கட்டுரை இன்றுவரை மொழியியல் வகுப்புகளில் பாடம். அவர்கள் சொன்னது சுருக்கமாக: முன்பு இந்தச் சொற்களை அதிகாரம் தீர்மானித்தது, இப்போது நெருக்கம் தீர்மானிக்கிறது. நெருக்கம் என்பது இரண்டு பக்கமும் ஒரே அளவுதானே? நான் உங்களுக்கு நெருக்கம் என்றால் நீங்களும் எனக்கு நெருக்கம். அதனால் இன்று அங்கே வளர்ந்த இருவர் பேசினால் இரண்டு பக்கமும் ‘நீ’, அல்லது இரண்டு பக்கமும் ‘நீங்கள்’. ஒருவர் ‘நீ’, இன்னொருவர் ‘நீங்கள்’ என்று ஓடிக்கொண்டிருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும். ‘ஸீ’ என்பது ‘நீங்க என்னைவிடப் பெரியவர்’ என்று சொல்வதில்லை. ‘நமக்குள் இடைவெளி இருக்கிறது’ என்று சொல்கிறது. அதனால்தான் ஜெர்மன் பள்ளிகளில் மாணவர்களுக்கு 16 வயது ஆகும்போது ஆசிரியரே ‘ஸீ’க்கு மாறுவது வழக்கமாக இருக்கிறது. நம் ஊர் பதினோராம் வகுப்பில் கெமிஸ்ட்ரி சார் ‘நீங்க ஹோம்வொர்க் பண்ணலையா?’ என்று கேட்டால் அது நக்கல். அங்கே அது ‘நீ இனி குழந்தை இல்லை’ என்பதற்கான அங்கீகாரம்.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு வாரம்

ஓர் உதாரணத்தை நடத்திப் பார்ப்போம். சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியர் ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூ ஆங்கிலத்தில் நடந்ததால் எல்லோரும் ‘யூ’தான். பிரச்னை தெரியவே இல்லை. இப்போது ஓரளவு ஜெர்மன் படித்துவிட்டு, அலுவலகத்தில் அதில் பேச ஆரம்பிக்கிறார்.

திங்கட்கிழமை. அவருடைய டீமில் எல்லோரும் அவரிடம் ‘டூ’ என்கிறார்கள். இவரும் ‘டூ’. நல்லது.

செவ்வாய். காபி மெஷின் பக்கத்தில் துறைத் தலைவர் வருகிறார், ஐம்பது வயதுப் பெண்மணி. இதுவரை இருவருக்கும் ‘ஸீ’. அவர் கை நீட்டி, “இஷ் பின் டி ஸபீன” என்கிறார். ‘நான் ஸபீனா’ என்று அர்த்தம். நம் ஆள் நினைக்கிறார்: பெயர் ஏற்கெனவே தெரியுமே, எதுக்கு மறுபடி சொல்றாங்க?

அது அறிமுகம் அல்ல. ஏற்கெனவே குடும்பப் பெயரோடு தெரிந்த ஒருவர் தன் முதல் பெயரை இப்படி நீட்டினால், ‘டூ’வை நீட்டுகிறார் என்று பொருள். ஜெர்மனில் இதற்குத் தனித் தொடரே உண்டு, ‘டூ’வை வழங்குவது. யார் வழங்க வேண்டும் என்பதற்கும் முறை இருக்கிறது: வயதில் மூத்தவர், அலுவலகத்தில் பதவியில் மேலே இருப்பவர். இளையவர் முந்திக்கொண்டு ‘நாம டூ சொல்லிக்கலாமா?’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். பழைய காலத்தில் இதற்கு ஒரு சடங்கே இருந்தது. இருவரும் கோப்பை பிடித்த கையை ஒருவர் கையோடு ஒருவர் கோத்துக்கொண்டு குடிப்பார்கள், அதற்குச் ‘சகோதரத்துவம் குடிப்பது’ என்று பெயர்.

இந்த இடத்தில் சொல்ல வேண்டிய பதில் ஒரே ஒரு சொல், “கெர்ன”. ‘சந்தோஷமாக’ என்று அர்த்தம். அதோடு தன் முதல் பெயர். அடுத்த வாக்கியத்திலிருந்து ‘டூ’.

நம் ஆள் என்ன செய்கிறார்? வளர்ப்பு விடவில்லை. அம்மா வயது, துறைத் தலைவர் வேறு. நன்றி சொல்லிவிட்டு, மரியாதையாக ‘ஸீ’யிலேயே தொடர்கிறார். நம் கணக்கில் இது பணிவு. அவர் காதில் விழுவது வேறு: கதவைத் திறந்து ‘உள்ள வாங்க’ என்றார், இவர் வாசலிலேயே நின்றுகொண்டு ‘பரவாயில்ல, இங்கயே இருக்கேன்’ என்றார். ‘டூ’வை மறுக்கலாம், தப்பில்லை. ஆனால் மறுப்பதாக இருந்தால் காரணம் சொல்லி, இதமாக மறுக்க வேண்டும். சொல்லாமல் ‘ஸீ’யில் தொடர்ந்தால் ‘எனக்கு உங்களோடு நெருக்கம் வேண்டாம்’ என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

புதன்கிழமை. ஒருவழியாக ஸபீனாவிடம் ‘டூ’ பழகிவிட்டது. அந்தத் தைரியத்தில் மதியம் கணக்குப் பிரிவுக்குப் போகிறார். அங்கே இருப்பவர் ஓய்வு பெறப்போகும் வயதில் ஒரு மனிதர். ‘பாஸையே டூ சொல்றேன், இவர் அவங்களுக்குக் கீழதானே’ என்ற கணக்கில் அவரையும் ‘டூ’ என்கிறார்.

இது இரண்டாவது தவறு, இதுதான் பெரியது. ‘டூ’ என்பது இரண்டு பேருக்கு நடுவில் போட்ட ஒப்பந்தம். பதவி வழியாக அது கீழே இறங்காது, நண்பர் வழியாகப் பக்கத்தில் பரவாது. எனக்கும் ஸபீனாவுக்கும் ‘டூ’, ஸபீனாவுக்கும் கணக்காளருக்கும் ‘டூ’ என்றாலும், எனக்கும் கணக்காளருக்கும் ‘ஸீ’தான், அவர் மாற்றும் வரை.

தவறு செய்துவிட்டோம் என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் யாரும் சண்டை போட மாட்டார்கள். கணக்காளர் கொஞ்சம் நிறுத்தி, குடும்பப் பெயரோடு சேர்த்து, ‘ஸீ’யை ஒரு சிட்டிகை அழுத்திச் சொல்லி பதில் தருவார். அந்த அழுத்தம்தான் திருத்தம். கோபம் வந்தவர் என்றால் “எப்போதிலிருந்து நாம டூ?” என்று கேட்பார். அதற்கும் மேலே போனால் ஒரு வழக்குத்தொடர் இருக்கிறது: நாம ரெண்டு பேரும் சேர்ந்து பன்றி மேய்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லையே! வேடிக்கை என்னவென்றால் ஃப்ரெஞ்சுக்காரர்களும் இதே பன்றியைத்தான் மேய்க்கிறார்கள், அங்கேயும் அதே தொடர் இருக்கிறது.

சரிசெய்வது எளிது. ஒரு ‘மன்னிக்கணும்’ சொல்லி ‘ஸீ’க்குத் திரும்பி, விஷயத்தைத் தொடர வேண்டும். நீண்ட விளக்கம் வேண்டாம். வெளிநாட்டவர், மொழி இன்னும் வரவில்லை என்பது பேச்சிலேயே தெரியும், மன்னித்துவிடுவார்கள். ஆனால் இந்தச் சலுகைக்கு ஆயுள் குறைவு. ஜெர்மன் எவ்வளவுக்கெவ்வளவு சரளமாகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு உங்கள் ‘டூ’ இலக்கணப் பிழையாகக் கேட்காமல், வேண்டுமென்றே சொன்னதாகக் கேட்க ஆரம்பிக்கும்.

வியாழன். ஈமெயில். இங்கே ஒரு பொடி விஷயம் பெரிய வேலை செய்கிறது. மரியாதை ‘ஸீ’க்கு முதல் எழுத்து எப்போதும் பெரிய எழுத்து. சின்ன எழுத்தில் எழுதினால் அது ‘அவர்கள்’ அல்லது ‘அவள்’. ‘உங்கள் அறிக்கை கிடைத்தது’ என்று எழுத நினைத்தவர் சின்ன எழுத்தில் தட்டிவிட்டால் ‘அவர்களுடைய அறிக்கை கிடைத்தது’ ஆகிவிடும். படிப்பவர் யாருடைய அறிக்கை என்று தேடுவார். இன்னொரு வழக்கமான பிழை, தொடக்கத்தில் ‘மதிப்பிற்குரிய’ என்று குடும்பப் பெயரோடு ஆரம்பித்து, நடுவில் வினைச்சொல் தடுமாறி ‘டூ’வுக்கு வழுக்கி, கடைசியில் மறுபடி ‘ஸீ’யில் முடிப்பது. அனுப்பும் முன் ‘உன்’, ‘உனக்கு’ வகைச் சொற்களை மட்டும் ஒருமுறை தேடிப் பார்த்தால் போதும், தொண்ணூறு சதவீதம் மாட்டிவிடும்.

இதற்கு நடுவே இரண்டு கலப்பு வடிவங்களும் உண்டு. முதல் பெயரோடு ‘ஸீ’ சொல்வதற்கு ‘ஹாம்பர்க் ஸீ’ என்று பெயர். குடும்பப் பெயரோடு ‘டூ’ சொல்வது ‘மியூனிக் டூ’. சூப்பர் மார்க்கெட் கேஷியர்கள் வாடிக்கையாளர் முன்னால் ஒருவரையொருவர் கூப்பிடுவதில் இதைக் கேட்கலாம்: ‘திருமதி முல்லர், இந்த விலை உனக்குத் தெரியுமா?’ என்பது போல.

இப்போது பல நிறுவனங்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒட்டுமொத்தமாக ‘டூ’வுக்குப் போகின்றன. ஐக்கியா ஜெர்மனியில் வாடிக்கையாளர்களையே ‘டூ’ என்கிறது. 2016-ல் ஹாம்பர்க்கின் ஓட்டோ குழுமத் தலைவர் தன்னுடைய 53,000 ஊழியர்களுக்கும் ஒரே நேரத்தில் ‘டூ’வை வழங்கினார். அது செய்தியானது. ஒரு சிஇஓ ‘என்னை நீ என்று கூப்பிடலாம்’ என்று சொன்னது செய்தி ஆகிறது என்றால், அந்தச் சொல்லுக்கு அங்கே எவ்வளவு எடை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போலீஸை ‘நீ’ என்றால் அபராதமா?

சமூக ஊடகங்களில் அடிக்கடி வரும் தகவல் இது. பாதி உண்மை. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 185-வது பிரிவு அவமதிப்பைக் குற்றம் என்கிறது. ‘டூ’ என்று சொன்னால் இவ்வளவு அபராதம் என்று எந்தப் பட்டியலும் சட்டத்தில் இல்லை. சொன்னவர் யார், எந்தச் சூழ்நிலை, அவமதிக்கும் நோக்கம் இருந்ததா என்று நீதிமன்றம்தான் பார்க்கும். 1970களில் நியூரம்பர்க் சந்தையில் கடை வைத்திருந்த ஒரு பெண், போலீஸ்காரரை ‘டூ’ என்றதற்காக இரண்டாயிரம் மார்க்குக்கும் மேல் அபராதம் விதிக்கப்பட்ட வழக்கு அங்கே பிரபலம்.

அதற்கு நேர் எதிர், பாப் இசைத் தயாரிப்பாளர் டீட்டர் போலன் வழக்கு. ‘மாடர்ன் டாக்கிங்’ இசைக்குழு ஞாபகம் இருப்பவர்களுக்கு இவரைத் தெரியும். பார்க்கிங் தகராறில் போலீஸ்காரரை ‘டூ’ என்றார் என்று புகார். 2006-ல் ஹாம்பர்க் நீதிமன்றம் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. டிவியில் எல்லோரையும் ‘டூ’ என்றே பேசுகிற மனிதர், இவரையும் அப்படிப் பேசியிருக்கிறார் என்பதுதான் தர்க்கம். அதாவது, எல்லோரையும் ‘நீ’ என்பவன் யாரையும் அவமதிப்பதில்லை! இது போலனுக்குச் செல்லும், டிராஃபிக் போலீஸிடம் நின்று ‘நானும் அப்படித்தான்’ என்று வாதாட நமக்குச் செல்லுமா தெரியாது. முயற்சி வேண்டாம்.

‘ஸீ’ சொன்னால் எல்லாம் மரியாதை என்றும் நினைக்க வேண்டாம். 1984 அக்டோபர் 18 அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பசுமைக் கட்சியின் யோஷ்கா ஃபிஷர், அவைத் தலைமையில் இருந்தவரைப் பார்த்து, “தங்கள் அனுமதியோடு சொல்கிறேன், தலைவர் அவர்களே, நீங்கள் ஒரு…” என்று ஆரம்பித்து, இங்கே அச்சிட முடியாத ஒரு சொல்லில் முடித்தார். ‘ஸீ’ அப்படியே இருந்தது, ‘அனுமதியோடு’ கூட இருந்தது. கெட்ட வார்த்தை மட்டும் உள்ளே. பின்னாளில் அவர் வெளியுறவு அமைச்சர் ஆனார், ஆனால் அந்த வாக்கியம் அவரை விடவில்லை.

ஃப்ரான்ஸில் கொஞ்சம் வேற மாதிரி

ஜெர்மனியில் ‘டூ’வுக்கு மாறுவது ஒரு நிகழ்ச்சி. ஃப்ரான்ஸில் அது பெரும்பாலும் அப்படியே வழுக்கிப் போய்விடும். “ஒன் ஸ த்யுத்வா?” என்று ஒருவர் கேட்பார், ‘நீ-நான் பேசிக்கலாமா?’ என்று அர்த்தம். சில நேரம் அதுவும் கேட்க மாட்டார்கள். ஒரே வயதுச் சக ஊழியர்கள் முதல் நாளே ‘த்யு’. ஆனால் டாக்டர், கடைக்காரர், பக்கத்து வீட்டுப் பெரியவர், வங்கி ஊழியர் என்றால் ‘வூ’. மாமனார் மாமியாருக்கு வருஷக்கணக்கில் ‘வூ’ சொல்லும் மருமகன்களும் உண்டு.

அலுவலகத்தில் முதல் பெயரோடு ‘வூ’ சொல்வதும் சகஜம். அதனால் ஒருவர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதற்காக ‘த்யு’ வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பெயரைப் பார்க்காதீர்கள், வினைச்சொல்லைக் கேளுங்கள். இன்னும் குழப்ப வேண்டுமென்றால், முன்னாள் அதிபர் ஜாக் ஷிராக்கும் மனைவி பெர்னதெத்தும் கல்யாணமாகி அரை நூற்றாண்டு ஆகியும் ஒருவரையொருவர் ‘வூ’ என்றே அழைத்தார்கள். சார்த்ரும் சிமோன் த பொவ்வாரும் அப்படித்தான். பழைய மேல்தட்டுக் குடும்பப் பழக்கம். அங்கே ‘வூ’ தூரம் அல்ல, ஒரு தனி ருசி.

சோஷலிஸ்ட் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் ‘த்யு’ சொல்வது மரபு. ஃப்ரான்ஸில் காலம்காலமாகச் சொல்லப்படும் ஒரு கதை: கட்சித் தோழர் ஒருவர் பிரான்ஸ்வா மித்தராங்கிடம் “நாம த்யு சொல்லிக்கலாமா?” என்று கேட்டாராம். அவர் சொன்ன பதில்: “உங்கள் விருப்பம்.” அந்த ‘உங்கள்’ வந்த பிறகு தோழர் என்ன சொல்லியிருப்பார்?

புரட்சிக் காலத்தில் இதைச் சட்டத்தாலேயே தீர்க்கவும் பார்த்தார்கள். 1793-ல் எல்லோரும் சமம் என்பதால் எல்லோரும் ‘த்யு’தான் என்று கோரிக்கை எழுந்தது, அரசுக் கடிதங்களிலும் ‘த்யு’ வந்தது. ஆனால் மன்றம் அதைக் கட்டாயச் சட்டமாக்க மறுத்துவிட்டது. சில வருஷங்களில் ‘வூ’ திரும்பி வந்துவிட்டது.

கோபத்தில் ‘வூ’ உடைவதும் உண்டு. 2008 பிப்ரவரி 23, பாரிஸ் விவசாயக் கண்காட்சி. அதிபர் நிக்கோலா சர்க்கோஸி கை நீட்டியபோது ஒருவர் ‘என்னைத் தொடாதே’ என்று ‘த்யு’வில் சொன்னார். சர்க்கோஸியும் அதே ‘த்யு’வில், ‘அப்போ போடா’ என்ற தொனியில் ஒரு வசவோடு திருப்பிக் கொடுத்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வசவு ஒரு பக்கம், அதிபர் ஒரு குடிமகனிடம் ‘த்யு’வில் இறங்கினார் என்பது இன்னொரு பக்கம். அதே ஆண்டு ஒருவர் அதிபரின் அந்த வாக்கியத்தை அட்டையில் எழுதி அதிபருக்கே காட்டினார். 30 யூரோ அபராதம் விதித்து, அதை நிறுத்தியும் வைத்தார்கள். 2013-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்தத் தண்டனையே கருத்துச் சுதந்திர மீறல் என்று தீர்ப்பளித்தது.

ஒரு பக்கம் மட்டும் ‘நீ’ வந்தால்

இதுவரை சொன்னது நாம் செய்யும் தவறு. நமக்குச் செய்யப்படுவதும் இருக்கிறது, அதைத் தெரிந்துவைத்திருப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

காலனி நாடுகளில் வெள்ளையர்கள் உள்ளூர் மக்களை ‘த்யு’ என்றார்கள், தங்களுக்கு ‘வூ’ எதிர்பார்த்தார்கள். 1952-ல் வெளிவந்த நூலில் ஃப்ரான்ஸ் ஃபனான், அரபு நோயாளிகளிடம் டாக்டர்கள் ‘த்யு’ போட்டுப் பேசுவதைக் குறிப்பிட்டு எழுதினார். அவரே டாக்டர். 1960 ஜூன் 30, காங்கோ சுதந்திர நாள் விழாவில் பெல்ஜிய மன்னர் அமர்ந்திருக்க, பிரதமர் பத்ரிஸ் லுமும்பா பேசினார். காலனி ஆட்சியின் அவமானங்களை வரிசையாகச் சொன்னபோது, அதில் இந்தச் சொல்லையும் சேர்த்தார்: கறுப்பரை ‘த்யு’ என்றது நண்பன் என்பதால் அல்ல, மதிப்பான ‘வூ’ வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கியதால்தான் என்றார். அடி, பசி, நிலப் பறிப்பு என்ற பட்டியலில் ஒரு சின்னஞ்சிறு சொல்லும் இடம்பெற்றது.

அதன் மிச்சம் இன்றும் இருக்கிறது. ஃப்ரான்ஸில் போலீஸ் சாலையில் நிறுத்தி அடையாள அட்டை கேட்கும்போது, புறநகர் இளைஞர்களை, குறிப்பாகக் கறுப்பு, அரபு இளைஞர்களை ‘த்யு’ போடுவது பல வருஷப் புகார். 2014 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த போலீஸ் நடத்தை விதிகளில் பொதுமக்களிடம் ‘வூ’தான் பயன்படுத்த வேண்டும் என்று எழுத்திலேயே சேர்த்தார்கள். விதி இருக்கிறது, புகார்களும் நிற்கவில்லை. ஜெர்மனியிலும் உடைந்த ஜெர்மன் பேசும் வெளிநாட்டவரைக் குழந்தையிடம் பேசுவதுபோல் ‘டூ’ போடுகிறவர்கள் இருக்கிறார்கள், சிலர் அதை நட்பு என்று நினைத்துக்கொண்டே.

நம்மவர்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பெரிய அதிகாரி ‘நீ’ என்றால் நம் காதுக்கு அது இயல்பு. அதனால் அலுவலகக் கவுண்டரில் ஒருவர் ‘டூ’ என்றால், நாம் ‘ஸீ’ என்று பதில் சொல்லி வந்துவிடுகிறோம். ஆனால் பக்கத்துக் கவுண்டரில் ஜெர்மன்காரருக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கே ‘ஸீ’ என்றால், உங்களுக்கு வந்த ‘டூ’ நட்பல்ல. என்ன செய்யலாம்? குரலை உயர்த்தாமல், தெளிவான ‘ஸீ’யில் தொடரலாம், கணக்காளர் செய்த அதே சிட்டிகை அழுத்தத்தோடு. அது அவர்களுக்கு நன்றாகப் புரியும் மொழி. ஃப்ரெஞ்சிலும் அதே வழிதான், ‘வூ’.

தெரியலைன்னா தப்பிப்பது எப்படி?

உள்ளூர்க்காரர்களுக்கே சில நேரம் யாரிடம் எது என்று மறந்துபோகும். போன வருஷம் ஒரு பார்ட்டியில் ‘டூ’ ஆனோமா இல்லையா? அவர்கள் செய்வது, அந்தச் சொல் வராமலே பேசுவது. ஜெர்மனில் ‘எப்படிப் போகுது?’ என்பதைச் சொல் இல்லாமலே கேட்கலாம். ‘அந்த ஃபைல் வந்துவிட்டதா?’ என்று ஃபைலை எழுவாயாக்கலாம். நாமும் மாமாவா அண்ணனா என்று தெரியாத உறவினரிடம் ‘சாப்பாடு ஆச்சா?’ என்று கேட்பவர்கள்தானே. ‘டூ’ ஆட்களும் ‘ஸீ’ ஆட்களும் கலந்து நிற்கும் கூட்டத்தில் ‘ஈர்’ என்ற பன்மைச் சொல் கைகொடுக்கும். அது ‘டூ’வின் பன்மைதான், ஆனால் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும்போது அவ்வளவாக உறுத்தாது.

ஃப்ரெஞ்சில் தப்பிப்பது கஷ்டம், ஏனென்றால் ‘ப்ளீஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே பொறி இருக்கிறது. ‘சில் வூ ப்லே’ என்பதில் ‘வூ’ உட்கார்ந்திருக்கிறது, நெருங்கியவருக்கு ‘சில் த ப்லே’. காபி கேட்பதற்குக்கூட முடிவெடுத்தாக வேண்டும். ஜெர்மன் ‘பிட்டே’யில் இந்தத் தொல்லை இல்லை. மன்னிப்புக் கேட்பதிலும் இதே கதை, ஆனால் அங்கே ‘பர்தோன்’ என்று சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் பொது.

எதுவுமே பிடிபடவில்லை என்றால், வளர்ந்தவர்களிடம் ‘வூ’, ‘ஸீ’யில் ஆரம்பியுங்கள். இது பத்திரமான பக்கம். மேலிருந்து கீழே இறங்குவது எளிது, ‘டூ’ சொன்ன பிறகு ‘ஸீ’க்கு ஏறுவது உறவை முறிப்பதற்குச் சமம். விதிவிலக்கு, மாணவர்கள். பல்கலைக்கழக ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரரிடம் ‘ஸீ’ போட்டால் ‘எனக்கு என்ன அறுபது வயசா?’ என்று கேட்பார்.

ஆல்ப்ஸ் மலையில் நடக்கிறவர்களிடம் இன்னொரு விதிவிலக்கும் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்தைத் தாண்டிவிட்டால் எதிரில் யார் வந்தாலும் ‘டூ’தான் என்பது அங்கே வழக்கம். வங்கி மேலாளரோ, பேராசிரியரோ, மூச்சிரைக்க ஏறி வருகிறவர் எல்லோரும் ஒன்று. சாயங்காலம் கீழே இறங்கி, அதே ஆளை ஊர் ரெஸ்டாரண்டில் பார்த்தால் மறுபடி ‘ஸீ’.